பாஸ்வேர்டு மேனேஜரில் திருட்டு: எதை முதலில் மாற்றுவது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் லேத் பட்டறைகளுக்கும் பிரஸ் ஷாப்புகளுக்கும் கணக்குப் பார்க்கும் வரி ஆலோசகர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாற்பது வாடிக்கையாளர்கள். ஆளுக்கு வருமான வரி, ஜி.எஸ்.டி., இ-வே பில், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று நாலைந்து லாகின். அதற்கு மேல் சொந்த ஜிமெயில், பேங்க், கரண்ட் பில், வீட்டு வைஃபை. நோட்டில் எழுதி வைத்துப் பார்த்து, எக்செலில் போட்டுப் பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் ஏற்றிவிட்டார். சரியான முடிவுதான். ஒரு நாள் காலையில் செய்தி வருகிறது: அந்தக் கம்பெனிக்குள்ளேயே யாரோ புகுந்துவிட்டார்களாம்.

அவர் உடனே செய்யப்போவது என்ன என்று எளிதாக ஊகிக்கலாம். மேனேஜரின் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றுவார், ‘அப்பாடா’ என்று டீ குடிக்கப் போவார். இந்த அத்தியாயம் எழுதப்படுவதே அந்த ‘அப்பாடா’வுக்காகத்தான். திருட்டுப் போனது பெட்டகத்தின் பிரதி என்றால், மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றுவது அந்தப் பிரதியை ஒன்றுமே செய்யாது. பீரோவைத் தூக்கிக்கொண்டு போனவனிடம் இருப்பது பழைய பூட்டு. நீங்கள் வீட்டில் புதுப் பூட்டு வாங்கி மாட்டினால் அவனுக்கு என்ன? மேனேஜருக்குள் நுழைய நீங்கள் வைத்திருக்கும் இரண்டாம் கட்ட ஓ.டி.பி.யும் அப்படியே. அது கம்பெனியின் வாசலில் நிற்கும் காவல். பிரதி ஏற்கெனவே வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

லாஸ்ட்பாஸில் நடந்தது

இதுவரை நடந்தவற்றில் நன்றாக ஆவணப்படுத்தப்பட்டது லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் கதை. 2022 ஆகஸ்ட் 25 அன்று வந்த முதல் அறிவிப்பு, மென்பொருள் எழுதும் பிரிவுக்குள் ஒருவர் புகுந்து சோர்ஸ் கோடை எடுத்துச் சென்றதாகச் சொன்னது. வாடிக்கையாளர் தகவல் போனதற்கு அறிகுறி இல்லை என்றும் சொன்னது. நவம்பர் 30 அன்று, வாடிக்கையாளர் தகவலில் சிலவற்றைத் தொட்டிருக்கிறார்கள் என்றார்கள். டிசம்பர் 22 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உலகம் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் பேக்கப்பே நகலெடுக்கப்பட்டுவிட்டது என்று வந்தது. எப்படி நடந்தது என்ற முழு விவரம் 2023 பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும்தான் வெளியானது. மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில், பழுது சரிசெய்யப்படாத ஒரு மீடியா மென்பொருள் வழியாகப் புகுந்து, அவர் தட்டும் எழுத்துகளைப் பதிவுசெய்யும் நிரலை வைத்தார்கள். அவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டு அப்படிக் கிடைத்தது. பேக்கப் இருந்த கிளவுட் சேமிப்பகத்தின் சாவிகளுக்கு அதிலிருந்து வழி கிடைத்தது.

இந்தத் தேதிகளை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட செய்தி தவணை முறையில்தான் வரும், ஒவ்வொரு தவணையும் முந்தியதைவிட மோசமாக இருக்கும். ‘பெட்டகம் பாதிக்கப்படவில்லை’ என்ற முதல் அறிவிப்பை வைத்துச் சும்மா இருந்தவர்களுக்கு நான்கு மாதம் வீணாய்ப் போனது. ஆகவே முதல் செய்தியிலேயே பாதி வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. அந்தப் பாதி எது என்பதைக் கீழே பார்ப்போம்.

பூட்டுக்கு வெளியே இருந்தவை

லாஸ்ட்பாஸ் பெட்டகத்தில் யூசர் நேம், பாஸ்வேர்டு, குறிப்புகள், ஃபார்ம் நிரப்பும் விவரங்கள் ஆகியவை மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. ஆனால் எந்தெந்த இணையதளங்களில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறது என்ற முகவரிப் பட்டியல் அப்படி மறைக்கப்படவில்லை. அதோடு சந்தாதாரரின் பெயர், பில் முகவரி, மின்னஞ்சல், போன் நம்பர், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து நுழைந்தார் என்பதும் திருடியவன் கைக்குப் போயின.

நம் ஊருக்கு இதுதான் முதல் ஆபத்து என்பது என் கருத்து. காரணம் ஓ.டி.பி. இங்கே பேங்க் பாஸ்வேர்டு மட்டும் கிடைத்தவன் பேலன்ஸைப் பார்க்கலாம், ஸ்டேட்மென்டைப் புரட்டலாம். பணத்தை அனுப்ப இன்னொரு படி வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தில் நுழைந்தவன் ரிட்டர்னைப் பார்க்கலாம். தாக்கல் செய்ய ஓ.டி.பி.யோ டிஜிட்டல் கையெழுத்தோ வேண்டும். இ-வே பில் தளத்திலும் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இரண்டு கட்ட நுழைவு கட்டாயம். எனவே திருடனுக்கு மலிவான வழி, பெட்டகத்தை உடைப்பதல்ல. பட்டியலைப் பார்த்துப் போன் போடுவது.

அந்தப் போன் இப்படி இருக்கும். “மேடம், அம்பத்தூர் ஓ.டி.ல ஆபீஸ் வச்சிருக்கீங்கள்ல? உங்க கரண்ட் அக்கவுண்ட் லாகின், ஜி.எஸ்.டி. லாகின் ரெண்டும் அந்த பாஸ்வேர்டு கம்பெனி லீக்ல வந்திருக்கு மேடம். நாங்க பேங்க் செக்யூரிட்டி டீம். பிளாக் பண்றதுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க.” பேர், ஆபீஸ் இருக்கும் இடம், எந்த பேங்க் என்பதெல்லாம் சரியாக இருப்பதால் சந்தேகம் வராது. அவர் நேற்றுதான் அந்தச் செய்தியைப் படித்திருப்பதால், உதவி தேடி வந்தது போலவே இருக்கும். இதே வேலையை மின்னஞ்சலிலும் செய்வார்கள்: மேனேஜர் கம்பெனியின் லோகோவோடு, ‘உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டை உடனே மாற்ற இங்கே அழுத்தவும்’ என்று. அந்த லிங்கில் போய் நீங்கள் தட்டும் பழைய மாஸ்டர் பாஸ்வேர்டுதான் அவர்களிடம் இருக்கும் பிரதிக்குச் சாவி.

முதல் செய்தியிலேயே செய்யவேண்டிய பாதி வேலை என்றேனே, அது இதிலிருந்து தொடங்குகிறது. மேனேஜரின் முகவரியை நீங்களே தட்டி நுழையுங்கள், மெயிலில் வந்த லிங்கைத் தொடாதீர்கள். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்களிடமும் வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்: இந்த விஷயமாக யார் பேசினாலும் கட் பண்ணிவிட்டு, கார்டின் பின்புறம் இருக்கும் நம்பருக்கு நாமே கூப்பிடுவோம். பட்டியலில் நாற்பது வாடிக்கையாளர்களின் தளங்களும் இருக்கும் என்றால் அவர்களுக்கும் சொல்லவேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும். எஸ்டேட்டில் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவருக்கு விஷயம் மதிய சாப்பாட்டுக்குள் போய்விடும் என்பதும் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் ஒருவருக்கு அவர் பெயரைச் சொல்லியே இதே போன் வரும்போது, முன்கூட்டிச் சொன்னவர் நீங்கள் என்பதே நல்லது.

பூட்டு எவ்வளவு தாங்கும்

இனி மறையாக்கம் செய்யப்பட்ட பகுதி. நீங்களே ஏமாந்து கொடுக்காதவரை, அதைத் திறக்க ஒரே வழி மாஸ்டர் பாஸ்வேர்டை ஊகிப்பது. பிரதி அவன் கம்ப்யூட்டரிலேயே இருப்பதால், ‘மூன்று முறை தவறு, கணக்கு முடக்கம்’ என்ற தடையெல்லாம் கிடையாது. இரவும் பகலும் முயன்றுகொண்டே இருக்கலாம். அவனை மெதுவாக்குவது ஒன்றுதான்: மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்து சாவியை உண்டாக்கும் கணக்கைப் பல்லாயிரம் சுற்று திரும்பத் திரும்பப் போடவைப்பது. லாஸ்ட்பாஸில் 2018க்குப் பிறகு இயல்பாக 1,00,100 சுற்று இருந்தது. பழைய கணக்குகள் பலவற்றில் 5,000. அதைவிடப் பழையவற்றில் 500, ஒன்று என்றுகூட இருந்தது. யாரும் அவற்றை உயர்த்தி வைக்கவில்லை. இன்று பரிந்துரைக்கப்படுவது 6,00,000.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேம் ஆடுபவர்கள் வாங்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, 1,00,100 சுற்று உள்ள பெட்டகத்தின்மேல் நொடிக்கு ஏறத்தாழ 85,000 ஊகங்களை முயலும். நம் ஆலோசகரின் மாஸ்டர் பாஸ்வேர்டு, குலதெய்வத்தின் பெயர், ஒரு குறி, மகள் பிறந்த ஆண்டு என்ற அமைப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பாதிப்பேர் வைப்பது அப்படித்தான். பெயர்கள் 50,000, குறிகள் 10, ஆண்டுகள் 100 என்றால் மொத்தம் 5 கோடி சேர்க்கை. ஒரே கார்டில் பத்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் முயன்று முடித்துவிடலாம். பழைய 5,000 சுற்றுக் கணக்காக இருந்தால் அரை நிமிடம். அந்தப் பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் இருக்கின்றன. பன்னிரண்டு எழுத்தும் வந்துவிடும். தளங்கள் அதற்குப் பச்சை டிக் போடும். டிக்கை நம்பாதீர்கள்.

மாறாக, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி எடுத்த, ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத நான்கு சொற்கள் என்றால், அதே கார்டு எல்லாவற்றையும் முயல 1,300 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆயிரம் கார்டு வைத்திருப்பவனுக்கு ஓராண்டுக்கு மேல். ஒரு கணக்காளரின் பெட்டகத்துக்காக அத்தனை மின்சாரம் செலவழிக்க மாட்டார்கள். கோடிக்கணக்கில் கிரிப்டோ இருக்கிறது என்று தெரிந்த பெட்டகத்துக்குச் செலவழிக்கலாம். ஐந்தாவது சொல் ஒன்று சேர்ந்தால் அதுவும் நடக்காது. இதில் ‘பகடை உருட்டி’ என்பதுதான் முக்கியம். நீங்களே யோசித்து எடுத்த நான்கு சொற்கள் பெரும்பாலும் ஒரு பாட்டு வரியாகவோ பழமொழியாகவோ இருக்கும். அவை ஊகிப்பவன் பட்டியலில் முன்னாலேயே இருக்கும்.

உங்கள் பெட்டகம் எந்த ரகம் என்று இப்போது நீங்களே முடிவு செய்யலாம். திருட்டு நடந்த நாளில் இருந்த மாஸ்டர் பாஸ்வேர்டைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும். நேற்று மாற்றியதை அல்ல. அது பகடைச் சொற்களாக இருந்து, சுற்று எண்ணும் லட்சத்தைத் தொட்டால், முக்கியமானவற்றை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். பெயரும் ஆண்டும் என்றால், அல்லது அதே பாஸ்வேர்டை வேறெங்காவது பயன்படுத்தியிருந்தால், உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மாற்றும் வரிசை

முதலில் புதுப் பாஸ்வேர்டுகளை வைக்க ஒரு நல்ல இடம் வேண்டும். அதே மேனேஜரில் தொடர்ந்தால் மாஸ்டர் பாஸ்வேர்டை ஐந்து பகடைச் சொற்களாக மாற்றி, செட்டிங்கில் சுற்று எண்ணை 6,00,000 ஆக்கிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கம்பெனிக்குள் திருடன் இன்னும் இருக்கிறானா என்று தெளிவாகச் சொல்லப்படாத நிலையில், வேறு மேனேஜருக்கு மாறுவதே என் தேர்வு. ஆனால் மாறுவது மட்டும் தீர்வல்ல. பழைய பாஸ்வேர்டுகளைப் புது வீட்டுக்குக் கொண்டுபோனால் அவை பழையவையாகவே இருக்கும்.

மாறும்போது ஒரு கண்ணி உண்டு. பழைய மேனேஜரிலிருந்து எல்லாவற்றையும் இறக்கும்போது அது ஒரு சி.எஸ்.வி. கோப்பாக வரும். எந்தப் பூட்டும் இல்லாத, எக்செலில் திறந்தால் வரிசையாகப் படிக்கக்கூடிய பட்டியல் அது. அது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும், அந்த ஃபோல்டர் தானாகவே கிளவுடுக்கு ஏறும், அவசரத்தில் ஒருவர் அதை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி வைப்பார். உடைக்கவே முடியாத பெட்டகத்தை வைத்திருந்தவர், தன் கையாலேயே அதைத் திறந்து தெருவில் வைத்த மாதிரி முடியும். சொந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இறக்குங்கள், உடனே ஏற்றுங்கள், கோப்பை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் கிளவுடின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில் இந்த வேலை வேண்டாம்.

அடுத்து மின்னஞ்சல். பேங்க்குக்கு முன்னாலேயே மின்னஞ்சல்தான். மற்ற எல்லாத் தளங்களின் ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ அங்கேதான் வந்து விழும். பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, இரண்டு கட்ட நுழைவைப் போடுங்கள். அதன் பிறகு பெரும்பாலானோர் பார்க்காத மூன்று இடங்களைப் பாருங்கள்: மீட்புக்கான போன் நம்பர் உங்களுடையதுதானா, உங்களுக்கு வரும் மெயிலை வேறு முகவரிக்கு அனுப்பும் ஃபார்வர்டிங் ஏதாவது போடப்பட்டிருக்கிறதா, ‘bank’, ‘OTP’ போன்ற சொல் வந்தால் நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஃபில்டர் இருக்கிறதா.

மூன்றாவது, ஓ.டி.பி. காப்பாற்றாதவை. கிரிப்டோ வைத்திருந்து அதன் மீட்புச் சொற்களைப் பெட்டகக் குறிப்பில் எழுதியிருந்தால், அதற்குப் பாஸ்வேர்டு மாற்றம் என்பதே கிடையாது. புது வாலட் உருவாக்கி, இருப்பதை அங்கே மாற்றவேண்டும், அதுவும் இன்றே. 2024 ஜனவரியில் சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டது. அதன் சாவிகள் 2022இல் களவுபோன ஓர் ஆன்லைன் பாஸ்வேர்டு மேனேஜரில் இருந்தன என்று அமெரிக்க அரசுத் தரப்பு 2025 மார்ச்சில் நீதிமன்றத்தில் சொன்னது. அவர்கள் தந்த வர்ணனை லாஸ்ட்பாஸ் சம்பவத்தோடு பொருந்துகிறது. திருட்டுக்கும் அதன் பலனுக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் இருந்திருக்கிறது. ‘ஆறு மாதம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே’ என்பது ஆறுதல் அல்ல.

இதே வகையில் கார்டு எண்ணும் வரும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் இந்தியக் கார்டுக்கு ஓ.டி.பி. கேட்காமலேயே பணம் எடுக்கலாம். பேங்க் ஆப்பில் சர்வதேசப் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள். கார்டு எண்ணும் சி.வி.வி.யும் பெட்டகத்தில் இருந்தால் கார்டை பிளாக் செய்து புதிது வாங்குங்கள். குறிப்பில் ஏ.டி.எம். பின் எழுதி வைத்திருப்பவர்கள் அதையும் மாற்றவேண்டும். இரண்டு கட்ட நுழைவின் கியூ.ஆர். ரகசியத்தையும் பேக்கப் கோடுகளையும் அதே மேனேஜரில் சேமித்திருந்தால், இரண்டு பூட்டின் சாவியும் ஒரே வளையத்தில் போயிருக்கிறது. அந்தத் தளங்களில் இரண்டு கட்ட நுழைவை நீக்கி மறுபடியும் புதிதாகப் போடவேண்டும். ஆதார் எண்ணை மாற்ற முடியாது. ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம், அவ்வளவுதான்.

பிறகுதான் பேங்க், அதன் பிறகு அரசுத் தளங்கள். ஆலோசகருக்குப் பெரிய வேலை இங்கேதான். வருமான வரித் தளத்தில் யூசர் ஐ.டி. என்பது பான் எண்தான், ஆக பாஸ்வேர்டு ஒன்றே பாக்கி. சுயவிவரப் பக்கத்தில் ‘e-Filing Vault Higher Security’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் பாஸ்வேர்டோடு ஆதார் ஓ.டி.பி., நெட் பேங்கிங், டிஜிட்டல் கையெழுத்து போன்றவற்றில் ஒன்றும் கேட்கும். பாஸ்வேர்டை ரீசெட் செய்யவும் அதையே கேட்கும்படி வைக்கலாம். ஆலோசகர்களுக்கு இது பிடிக்காது என்பது தெரிந்ததே. ரிட்டர்ன் கெடுவின் கடைசி வாரத்தில் வாடிக்கையாளருக்குப் போன் போட்டு ‘சார், ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும்’ என்று நாற்பது தடவை கேட்க யாருக்குப் பொறுமை? ஆனாலும் பிரதி வெளியே இருக்கும்வரை இது இருக்கட்டும்.

மீதியுள்ள நூற்றுச் சொச்சம் கணக்குகள், அதாவது சினிமா டிக்கெட், சாப்பாட்டு ஆப், எப்போதோ ஒரு முறை பஸ் புக் செய்த தளம், இரண்டு மூன்று வாரத்தில் கிடைக்கும் நேரத்தில் மாற்றினால் போதும். இனி தேவையில்லாதவற்றில் கணக்கையே மூடிவிடலாம். பட்டறையின் சி.சி.டி.வி. டி.வி.ஆர்., வைஃபை ரவுட்டர் இரண்டும் இந்தக் குவியலில் ஒளிந்திருக்கும், அவற்றை மறக்கவேண்டாம்.

ஏதோ நடக்கிறது என்று எப்படித் தெரியும்

கேட்காமலே வரும் ஓ.டி.பி. மிகத் தெளிவான அறிகுறி: யாரோ பாஸ்வேர்டைச் சரியாகத் தட்டிவிட்டு அடுத்த கதவில் நிற்கிறார்கள், அல்லது ரீசெட் செய்யப் பார்க்கிறார்கள். அந்தத் தளத்தின் பாஸ்வேர்டை அப்போதே மாற்றுங்கள். போனில் திடீரென்று சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவரின் அதே கம்பெனி சிம்மில் சிக்னல் இருந்தால், உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். வைஃபை இருக்கிறதே என்று விட்டுவிடாமல், வேறொரு போனிலிருந்து சிம் கம்பெனியையும் பேங்க்கையும் கூப்பிடுங்கள். வரித் தளத்தில் ரீஃபண்டுக்கான பேங்க் கணக்கு மாறியிருக்கிறதா என்பதையும் வாடிக்கையாளர் வாரியாக ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பணம் போய்விட்டால் நேரம்தான் எல்லாம். முதலில் பேங்க், உடனே 1930. அந்த உதவி எண்ணில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. எழுத்தில் புகார் கொடுக்க cybercrime.gov.in. உங்கள் தவறும் பேங்க்கின் தவறும் இல்லாமல் மூன்றாம் இடத்தில் நடந்த கசிவால் பணம் போயிருந்தால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் பேங்க்குக்குச் சொன்னால் நட்டம் உங்களுடையதல்ல என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. ஓ.டி.பி.யை நீங்களே வாயால் சொல்லியிருந்தால், பேங்க்குக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் தலையில்தான் என்றும் அது சொன்னது. புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். பேங்க் முதலில் கேட்பது அதைத்தான். நேரில் போவதானால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் வேப்பேரிக்கு அலைய வேண்டாம்: 2022 ஜனவரி முதல் இந்தப் பகுதிகள் ஆவடி போலீஸ் கமிஷனரகத்தின் கீழ் வருகின்றன.